‘எங்க வீட்டிலேயே நடந்தது’ முதல் மெட்டா அனாலிசிஸ் வரை: மருத்துவச் சான்றை எடைபோடும் வழி

“ஏழு மாசத்துல பொறந்த புள்ள பொழச்சுக்கும், எட்டு மாசத்துல பொறந்தது தங்காது.” இதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது சொல்லிக் கேட்டிருப்பீர்கள். என் பெரியம்மா அதற்கு ஆதாரமே வைத்திருந்தார். ஏழு மாதத்தில் பிறந்த அவருடைய சித்தப்பா எண்பது வயதுவரை வாழ்ந்தார். எட்டாம் மாதம் பிறந்த பக்கத்து வீட்டுக் குழந்தை இரண்டு நாளில் போய்விட்டது. நடந்ததைத்தான் சொன்னார், பொய்யில்லை. ஆனால் முடிவு தவறு. கருவில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குறைமாதக் குழந்தைக்கு லாபம்தான். ஏழாம் மாதத்தைவிட எட்டாம் மாதம் பாதுகாப்பானது.

கண்ணால் கண்ட இரண்டு உண்மைகள் எப்படித் தவறான முடிவில் கொண்டுபோய் விட்டன என்பதிலிருந்தே, எந்த வகைச் சான்றை எவ்வளவு நம்பலாம் என்று அடுக்கிக் காட்டும் சான்றுகளின் படிக்கட்டைப் பார்க்கத் தொடங்கலாம். ஒவ்வொரு படியாகப் பட்டியல் போட்டால் மனதில் நிற்காது. அதனால் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு கீழிருந்து மேலே போவோம். குறைமாதத்தில் வலி வந்துவிட்ட தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தை பிழைக்குமா? நம் ஊர் மருத்துவமனைகளில் ‘குழந்தைக்கு நுரையீரல் வளர்றதுக்கு ஊசி’ என்று சொல்லிப் போடுகிறார்களே, அதேதான். பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிடும் மெட்டா அனாலிசிஸின் வரலாற்றில் மிகவும் பேர்பெற்ற கேள்விகளில் இது ஒன்று.

முதல் படி: கதையைக் கேளுங்கள், ஆனால் எண்ணாதீர்கள்

தனி ஒருவருடைய அனுபவம் படிக்கட்டின் அடியில் இருப்பது அது பொய் என்பதால் அல்ல. அந்த ஊசி போடாமலிருந்தால் அதே குழந்தைக்கு என்ன ஆகியிருக்கும் என்பதை அந்த அனுபவத்தால் சொல்ல முடியாது. அதோடு, கதைகள் சலித்துத்தான் நம்மிடம் வந்து சேருகின்றன. பெரியம்மாவின் சித்தப்பா பிழைத்ததால்தான் அவர் கதை ஆனார். ஏழு மாதத்தில் பிறந்து இறந்த எத்தனையோ குழந்தைகளை அந்தக் காலத்தில் யாரும் பேசவே மாட்டார்கள். மாதக் கணக்கும் உத்தேசம்தான்.

இருந்தாலும் கதையைத் தூக்கி எறிய வேண்டாம். இந்த ஊசியின் வரலாறே ஒரு கதையில்தான் தொடங்குகிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 1960களின் இறுதியில் கிரஹாம் லிக்கின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர், பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்று கண்டறிய ஆடுகளில் ஆய்வு செய்துகொண்டிருந்தார். கருவில் இருந்த குட்டிக்கு ஸ்டீராய்டு செலுத்தியதில் ஆடு நாள் நிறையாமலே ஈன்றது. அவ்வளவு சீக்கிரம் பிறந்த குட்டி மூச்சுவிட முடியாமல் செத்திருக்க வேண்டும். இது மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. நுரையீரலைப் பார்த்தால் அதில் காற்று ஏறியிருந்தது. ஒரு குட்டியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று லிக்கின்ஸுக்குத் தெரியும். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அவருக்குக் கிடைத்துவிட்டது. அனுபவத்துக்கு இருக்க வேண்டிய இடம் அதுதான்: கேள்வியை எழுப்பலாம், பதிலாக முடியாது.

இரண்டாம் படி: ஒப்பிட்டுப் பார்த்தால் போதுமா?

அடுத்து யாருக்கும் தோன்றுவது: ஒரு மருத்துவமனையின் பதிவேடுகளை எடுப்போம், ஊசி போட்ட தாய்மாரின் குழந்தைகள் ஒரு பக்கம், போடாதவர்களின் குழந்தைகள் மறுபக்கம், எந்தப் பக்கம் இறப்பு அதிகம் என்று எண்ணுவோம். இதைக் கண்காணிப்பு ஆய்வு என்பார்கள். ஒரு குழுவை முன்னோக்கித் தொடர்ந்து பார்த்தால் கோஹார்ட்; நோய் வந்தவர்களையும் வராதவர்களையும் எடுத்துக்கொண்டு பின்னோக்கிப் பார்த்தால் கேஸ் கன்ட்ரோல். கதையைவிட இது எவ்வளவோ மேல், ஏனென்றால் இறந்தவர்களும் கணக்கில் வருகிறார்கள்.

ஆனால் இங்கே ஒரு பள்ளம் உண்டு. பிரசவ வார்டில் இது எப்படி நடக்கிறது என்று யோசியுங்கள். ஊசி வேலை செய்ய ஒரு நாளாவது ஆகும். வலி மெதுவாக வரும் தாய்க்கு ஊசி போட நேரம் இருக்கும். ஆட்டோவில் வந்து இறங்கியதுமே பிரசவமாகிவிடும் தாய்க்கு யாரும் ஊசி போட மாட்டார்கள், போடவும் நேரமிருக்காது. ரத்தப்போக்கோடு அவசரமாக வருபவருக்கும் அப்படியே. அந்த இரண்டாம் வகைத் தாய்மாரின் குழந்தைகளுக்கு ஆபத்து ஏற்கெனவே அதிகம். ஆகவே ஊசியில் வெறும் தண்ணீர் இருந்திருந்தால்கூடப் பதிவேட்டில் ‘ஊசி போட்ட’ பக்கம் நன்றாகத்தான் தெரியும்.

இப்படிப் பின்னால் நின்று கணக்கைக் கெடுக்கும் காரணிகளில் தெரிந்தவற்றைப் புள்ளியியல் முறையில் ஓரளவு சரிக்கட்டலாம். தெரியாதவற்றை என்ன செய்வது? அதனால் கண்காணிப்பு ஆய்வைப் படிக்கும்போதெல்லாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்தச் சிகிச்சை இவருக்குக் கிடைத்ததற்கும் அவருக்குக் கிடைக்காததற்கும் என்ன காரணம்? அந்தக் காரணமே விளைவையும் பாதிக்கும் என்றால் முடிவைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

மூன்றாம் படி: குலுக்கிப் பிரித்தார்களா என்று பாருங்கள்

லிக்கின்ஸும் குழந்தை மருத்துவர் ராஸ் ஹவியும் செய்தது இதைத்தான். யாருக்கு எந்த ஊசி என்பதை மருத்துவர் தீர்மானிக்கவில்லை, குலுக்கல் தீர்மானித்தது. ஒரு பாதிக்குப் பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. மறுபாதிக்குப் பார்க்க அதேபோல இருக்கும், ஆனால் வீரியம் மிகக் குறைந்த வேறொரு ஊசி. குலுக்கிப் பிரித்தால் வலி மெதுவாக வந்தவர்கள், அவசரமாக வந்தவர்கள், நமக்குத் தெரியாத ஏதோ ஒரு வகையில் பலவீனமானவர்கள் எல்லாரும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக விழுவார்கள். மிஞ்சும் வேறுபாட்டுக்குக் காரணம் ஊசியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தற்செயலாக இருக்க வேண்டும்.

1972இல் வந்த முதல் அறிக்கையில் 282 தாய்மார்கள் இருந்தார்கள். தானாகக் குறைமாத வலி வந்தவர்களிடம் ஊசி போட்ட பக்கத்தில் பிறந்த சில நாட்களுக்குள் இறந்த குழந்தைகள் 3.2 சதவீதம், மறுபக்கம் 15 சதவீதம்.

இத்தோடு விவாதம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் வேறு மருத்துவமனைகளும் இதே சோதனையைச் செய்து பார்த்தன, முடிவுகள் கலவையாக வந்தன. அந்த ஊசி பரவலாகப் புழக்கத்துக்கு வர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு இதைப் போடுங்கள் என்று அழுத்தமாகச் சொன்னது 1994இல்தான்.

நான்காம் படி: எல்லாச் சோதனைகளையும் ஒரே மேசையில் வையுங்கள்

ஏன் அவ்வளவு தாமதம் என்பது கீழே உள்ள அட்டவணையைப் பார்த்தால் புரியும். 1980களின் தொடக்கத்திலேயே கிடைத்த ஏழு குலுக்கல் சோதனைகள் இவை. ஆக்லாந்து என்பது முதல் அறிக்கைக்குப் பிறகும் தொடர்ந்த லிக்கின்ஸின் சோதனை, மற்றவை அந்தந்தச் சோதனையை நடத்திய ஆய்வாளர்களின் பெயர்கள். முன்னால் இருப்பது இறந்த குழந்தைகள், சாய்கோட்டுக்குப் பின் மொத்தக் குழந்தைகள்.

| சோதனை | ஊசி போட்டவர்கள் | போடாதவர்கள் |
|---|---|---|
| ஆக்லாந்து | 36 / 532 | 60 / 538 |
| பிளாக் | 1 / 69 | 5 / 61 |
| டோரன் | 4 / 81 | 11 / 63 |
| கம்சு | 14 / 131 | 20 / 137 |
| மோரிசன் | 3 / 67 | 7 / 59 |
| பாப்பாஜார்ஜியோ | 1 / 71 | 7 / 75 |
| டாயிஷ் | 8 / 56 | 10 / 71 |

நீங்கள் அந்தக் காலத்து மருத்துவர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மேசைக்கு வந்தது கடைசி வரிசை மட்டும்தான். 56இல் 8, 71இல் 10. இரண்டுமே 14 சதவீதம். ‘இந்த ஊசியால் பிரயோஜனமில்லை’ என்று முடிவுகட்டுவீர்கள், உங்களைக் குறை சொல்லவும் முடியாது. பிளாக் சோதனையை மட்டும் படித்தவர் 1க்கும் 5க்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து அசந்துபோயிருப்பார். ஆனால் எண்ணிக்கை இவ்வளவு சின்னதாக இருந்தால் அது தற்செயலாகவும் வரலாம். கணக்குப் போட்டால் இந்த ஏழில் தற்செயல் என்று தள்ள முடியாதபடி தெளிவான பலன் காட்டுபவை இரண்டே இரண்டு: ஆக்லாந்தும் டோரனும். மற்ற ஐந்தும் தனித்தனியே பார்த்தால் ‘சொல்ல முடியாது’ வகை. ஏழில் ஐந்து தோற்றுவிட்டன என்று யாராவது தலைகளை எண்ணி ஓட்டுப் போட்டால் ஊசி தோற்றிருக்கும்.

இந்த இடத்தில்தான் மெட்டா அனாலிசிஸ் வேறு மாதிரி வேலை செய்கிறது. அது வென்ற சோதனை, தோற்ற சோதனை என்று எண்ணுவதில்லை. ஒவ்வொரு சோதனைக்குள்ளும் இரண்டு பக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் கணக்கிடுகிறது. பிறகு, எந்தச் சோதனையின் கணக்கு எவ்வளவு உறுதியானதோ அந்த அளவு எடை கொடுத்து எல்லாவற்றையும் சேர்க்கிறது. உறுதி என்பது பெரும்பாலும் நிகழ்வுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. மேலே உள்ள எண்களில் ஆக்லாந்து ஒன்றுக்கே மொத்த எடையில் பாதிக்கு மேல் போகிறது. பிளாக் சோதனைக்குக் கிடைப்பது 2 சதவீதம் போல. டாயிஷுக்குச் சுமார் 10.

‘எல்லா இறப்பையும் கூட்டி, எல்லாக் குழந்தையாலும் வகுத்தால் போதாதா?’ என்று கேட்கலாம். இந்த ஏழில் அப்படிக் கூட்டினாலும் படம் ஏறக்குறைய சரியாகவே வரும்: ஊசி போட்ட 1007 பேரில் 67 இறப்பு, போடாத 1004 பேரில் 120. ஆனால் இரண்டு பக்கமும் சம எண்ணிக்கையாக அமைந்ததால்தான் அது வேலை செய்கிறது. ஆபத்து அதிகமான ஒரு மருத்துவமனையில் ஊசி போட்டவர்கள் மட்டும் மூன்று மடங்கு இருந்தார்கள் என்றால் நேரடிக் கூட்டல் நல்ல மருந்தைக் கெட்டதாகக் காட்டிவிடும். அதனால் ஒப்பீடு எப்போதும் அந்தந்தச் சோதனைக்குள்ளேயே முடிய வேண்டும்.

ஒவ்வொரு பக்கத்திலும் இறந்தவர்களைப் பிழைத்தவர்களால் வகுத்தால் கிடைப்பது இறப்பின் ‘ஆட்ஸ்’. முறையாகச் சேர்த்தால் இரண்டு பக்கத்து ஆட்ஸுக்கும் உள்ள விகிதம் 0.53 என்று வருகிறது. தற்செயலுக்கு இடம் விட்டால் அது 0.39க்கும் 0.73க்கும் இடையில் இருக்கும். இந்த எண் 1 என்றால் ஊசிக்கும் சும்மா இருப்பதற்கும் வித்தியாசமில்லை என்று பொருள். எல்லையின் மேல்முனையே 0.73 என்பதால், எவ்வளவு கஞ்சத்தனமாகக் கணக்கிட்டாலும் பலன் இருக்கிறது. எளிதாகச் சொன்னால் நூற்றுக்கு 12 குழந்தைகள் இறந்த இடத்தில் ஏழுக்குச் சற்றுக் குறைவு.

ஐந்தாம் படி: படத்தைப் படிக்கப் பழகுங்கள்

இந்தக் கணக்கை வரைந்து காட்டும் படத்துக்கு ஃபாரஸ்ட் பிளாட் என்று பெயர். நடுவில் ஒரு செங்குத்துக் கோடு: வித்தியாசமில்லை என்ற 1. ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு படுக்கைக் கோடு. கோடு நீளமாக இருந்தால் அந்தச் சோதனைக்கு உறுதி குறைவு. குட்டையாக இருந்தால் உறுதி அதிகம். படுக்கைக் கோடு நடுக்கோட்டைத் தொட்டாலோ தாண்டினாலோ, அந்தச் சோதனையால் தனியாக எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அடியில் ஒரு வைர வடிவம் இருக்கும். எல்லாம் சேர்ந்த முடிவு அதுதான், அதன் அகலமே நிச்சயமின்மை.

மேலே உள்ள ஏழு சோதனைகளின் படத்தை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்க வாய்ப்புண்டு. இங்கிலாந்தில் 1993இல் தொடங்கிய காக்ரேன் அமைப்பின் சின்னம் அதுதான். வட்டத்துக்குள் ஏழு படுக்கைக் கோடுகள், ஒரு செங்குத்துக் கோடு, அடியில் இடப்பக்கம் ஒதுங்கிய வைரம். அலங்காரம் என்றே பலர் நினைக்கிறார்கள். சேர்த்துப் பார்க்காமல் விட்டதால் போன உயிர்களைத்தான் அவர்கள் சின்னமாக வைத்துக்கொண்டார்கள்.

ஆறாம் படி: வைரத்தை நம்பும் முன் சோதனைகளை எப்படித் தேடினார்கள் என்று பாருங்கள்

இரண்டு சொற்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சிஸ்டமேட்டிக் ரிவியூ, அதாவது முறைசார் மீளாய்வு என்பது தேடிச் சேர்த்துச் சலிக்கும் வேலை. மெட்டா அனாலிசிஸ் என்பது அதன் கடைசியில் வரும் கணக்கு. முதல் வேலை ஒழுங்காக நடக்காமல் இரண்டாவதைச் செய்தால், அரிசியில் கல் பொறுக்காமல் உலை வைத்த கதைதான்.

ஒழுங்காக நடந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? யாருக்கு, எந்தச் சிகிச்சை, எதனோடு ஒப்பிட்டு, எந்த விளைவு என்ற நான்கையும் தேடத் தொடங்கும் முன்பே எழுதிப் பதிவு செய்திருக்க வேண்டும். கட்டுரையில் PROSPERO என்ற மீளாய்வுப் பதிவேட்டின் எண் இருக்கிறதா என்று பாருங்கள். எந்தத் தரவுத்தளங்களில், எந்தச் சொற்களால் தேடினார்கள் என்று நீங்களே திரும்பச் செய்யும் அளவுக்குச் சொல்லியிருக்க வேண்டும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதை இருவர் தனித்தனியே தீர்மானித்து ஒப்பிட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு சோதனையிலும் குலுக்கல் நேர்மையாக நடந்ததா என்று தரம் பார்த்திருக்க வேண்டும். இவை எதுவும் இல்லாமல் ‘பல ஆய்வுகள் கூறுகின்றன’ என்று தொடங்கும் கட்டுரைக்கு மெட்டா அனாலிசிஸ் என்று தலைப்பு வைத்திருந்தாலும் நான் முதல் படியில்தான் இடம் கொடுப்பேன்.

இவ்வளவு செய்தும் ஏமாந்த கதை உண்டு. மாரடைப்பு வந்தவர்களுக்கு மெக்னீசியம் செலுத்தினால் பிழைப்பார்களா என்று 1991இல் ஏழு சின்னச் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். இறப்பு பாதிக்கு மேல் குறைவதாக வைரம் காட்டியது. 1995இல் ஐசிஸ்-4 என்ற சோதனையின் முடிவு வந்தது. அதில் 58,050 நோயாளிகள். மெக்னீசியம் பெற்றவர்களில் 7.64 சதவீதம் பேர் இறந்தார்கள், பெறாதவர்களில் 7.24. பலன் எங்கேயும் இல்லை. என்ன நடந்திருக்கும்? சின்னச் சோதனையில் நல்ல முடிவு வந்தால் பத்திரிகைக்குப் போகும், இல்லாவிட்டால் மேசை இழுப்பறையிலேயே தூங்கும் என்பதுதான் முதல் சந்தேகம். வெளிவந்ததை மட்டும் சேர்த்தால் வைரம் ஒரு பக்கமாக இழுக்கப்படும். ஏழு மாதத்தில் பிறந்து பிழைத்தவர் கதை மட்டும் பெரியம்மாவிடம் வந்து சேர்ந்தது போலத்தான் இதுவும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று: சின்னச் சோதனைகளும் பெரிய சோதனையும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பாருங்கள். நம் அட்டவணையிலேயே இதைச் செய்யலாம். பிளாக், பாப்பாஜார்ஜியோ போன்ற சின்னவை பலனை மிகப் பெரிதாகக் காட்டுகின்றன. சந்தேகம் வர வேண்டிய இடம்தான். எனவே எல்லாவற்றையும் மூடிவிட்டு ஆக்லாந்தை மட்டும் பாருங்கள்: 6.8 சதவீதத்துக்கு எதிராக 11.2. பலன் கொஞ்சம் சுருங்குகிறது, ஆனால் மறையவில்லை. பின்னாளில் 2020இல் காக்ரேன் இதே கேள்வியை 27 சோதனைகள், 11,272 பெண்கள் என்ற அளவில் மறுபடி பார்த்தது. பிறந்தபின் இறக்கும் அபாயம் ஊசியால் சுமார் 22 சதவீதம் குறைகிறது என்று வந்தது. ஏழு சோதனைகள் காட்டியதைவிட இது அடக்கமான எண், ஆனால் உறுதியான எண்.

ஏழாம் படி: அந்த மக்கள் நீங்கள்தானா?

பலர் இங்கே வழுக்குகிறார்கள். பழைய சோதனைகளில் பெரும்பாலானவை வசதியான நாடுகளின் பெரிய மருத்துவமனைகளில் நடந்தவை. கரு எத்தனை வாரம் என்று அங்கே துல்லியமாகத் தெரியும், குழந்தைக்கு மூச்சுத் திணறினால் கருவி பக்கத்திலேயே இருக்கும். இதே ஊசியைக் கிராமத்துச் சுகாதார நிலையங்களுக்குக் கொண்டுபோனால்? ஆறு நாடுகளில் சுமார் ஒரு லட்சம் பிரசவங்களில் அதைச் சோதித்தார்கள். இந்தியாவில் பெல்காமும் நாக்பூரும் அதில் இருந்தன. 2015இல் வெளியான முடிவு எல்லாரையும் திகைக்க வைத்தது. ஊசியைப் பரவலாக்கிய பகுதிகளில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கு 27.4 இறப்பு, மற்ற பகுதிகளில் 23.9. அங்கே வாரக் கணக்கு உத்தேசம்தான் என்பதால் ஊசி பெற்ற தாய்மாரில் பெரும்பாலோருக்குக் குறைமாதக் குழந்தையே பிறக்கவில்லை. தேவையில்லாதவர்களுக்கும் போய்ச் சேர்ந்த ஊசி அது.

அப்படியானால் ஏழை நாடுகளில் ஊசியே வேண்டாமா? உலக சுகாதார அமைப்பு மறுபடி சோதித்தது. இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய ஐந்து நாடுகளில் 29 மருத்துவமனைகள், 2,852 தாய்மார்கள். இந்த முறை ஸ்கேன் செய்து வாரத்தை உறுதிப்படுத்திக்கொண்டார்கள், குறைமாதக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வசதியுள்ள மருத்துவமனைகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 2020இல் வந்த முடிவில் ஊசி பெற்ற பக்கம் இறப்பு 19.6 சதவீதம், பெறாத பக்கம் 23.5. பலன் தெளிவாகத் தெரிந்ததால் சோதனையை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள்.

சரி, நீங்களே ஒன்றைப் பார்க்க நினைத்தால்: Cochrane Library தளத்துக்குப் போய் உங்கள் கேள்வியைத் தேடுங்கள். ஒவ்வொரு மீளாய்வுக்கும் எளிய மொழிச் சுருக்கம் உண்டு, சிலவற்றுக்குத் தமிழிலும் இருக்கிறது. சுருக்கத்தைப் படித்ததும் நேராக ஃபாரஸ்ட் பிளாட்டுக்குப் போங்கள். வைரம் நடுக்கோட்டைத் தொடுகிறதா, அதிக எடை எந்தச் சோதனைக்கு, அது தனியாக என்ன சொல்கிறது என்று பாருங்கள். கடைசியாக, சேர்த்துக்கொண்ட ஆய்வுகளின் அட்டவணையில் அவை எந்த ஊரில், எப்படிப்பட்ட மருத்துவமனையில் நடந்தன என்ற வரியைத் தேடுங்கள். நான் இப்போதெல்லாம் அந்த வரியைத்தான் முதலில் படிக்கிறேன்.